உயில் சாசனம்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி, விசுவாவசு வருடம் ஆவணி 27, வெள்ளிக்கிழமை.

ஈரோடு மாவட்டம், கோபிசெட்டிபாளையம் வட்டத்தில் வசிக்கும், காலஞ்சென்ற கந்தசாமி அவர்களின் மனைவியும், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவளுமாகிய சரஸ்வதி (வயது 74), யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, நல்ல நினைவோடும் தெளிந்த புத்தியோடும் மனப்பூர்வமாய் எழுதி வைக்கும் உயில் சாசனம் என்னவென்றால்:

எனக்கு மக்கள் மூவர். மூத்த மகள் தமிழ்ச்செல்வி (47), மகன் கார்த்திகேயன் (44), இளைய மகள் பூங்கொடி (39). இவர்களைத் தவிர எனக்கு வேறு நேர் வாரிசுகள் இல்லை.

அடியில் கண்ட வீடு என் சுயார்ஜிதம். 1973 முதல் 2009 வரை 36 வருடம் வாங்கிய சம்பளத்தில் மிச்சம் பிடித்து 1986இல் மனையை என் பெயரில் கிரையம் வாங்கினேன். 1988இல் கீழ்த்தளம் கட்டினோம். 2006இல் மாடி எடுத்தோம். பூர்வீகச் சொத்து எதுவும் இதில் கலக்கவில்லை.

இதற்கு முன் 2016இல் ஓர் உயில் எழுதிப் பதிவு செய்யாமல் பீரோவில் வைத்திருந்தேன். வீடு முழுவதும் மகனுக்கு, பெண்களுக்குத்தான் சீர் செய்தாயிற்றே என்று அதில் எழுதியிருந்தேன். அதை இந்த உயிலால் முழுவதுமாக ரத்து செய்கிறேன். காரணத்தையும் என் மக்கள் அறிய வேண்டும். 1983இல் என் பிறந்த வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் என் பெயர் இல்லை. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க பங்கு, சீருதான் செஞ்சாச்சுங்களே" என்று அன்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் வாய் திறக்கவில்லை. 1989இல் தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தபோது, அது அன்று கல்யாணம் ஆகாத பெண்களுக்கு மட்டும் என்றார்கள். எனக்குக் கல்யாணமாகி 13 வருடம் ஆகியிருந்தது. அந்தச் செய்தியைப் பள்ளிக்கூடத்தில் பத்திரிகையில் படித்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடாமல் இருந்தேன். அப்படிப்பட்டவளே 27 வருடம் கழித்து என் பெண்களுக்கு அதையே எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நாள் அந்தத் தாளை எடுத்து வாசித்தபோது, அது என் பிறந்த வீட்டுப் பத்திரம் போலவே இருந்தது.

ஆகவே என் ஆயுட்காலம் வரை எல்லாச் சொத்துகளையும் நானே சர்வ சுதந்திரமாய் அனுபவித்து வருவேன். என் ஆயுளுக்குப் பின் கீழ்க்கண்டவாறு சேர வேண்டியது.

வீட்டின் கீழ்த்தளம், திண்ணை, ஆசாரம், பொடக்காலி, அதிலுள்ள இரண்டு தென்னை மரங்கள் சகிதம், மனையில் பிரிபடாத 5 சென்ட் பாகத்தோடு இளைய மகள் பூங்கொடிக்கு. 2018 முதல் அவளும் என் பேரனும் இங்கேதான் இருக்கிறார்கள். 2021இல் எனக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது நான்கு மாதம் படுக்கையில் கிடந்தேன். பகலெல்லாம் பள்ளியில் நின்று பாடம் எடுத்துவிட்டு வந்து, இரவில் என்னைத் திருப்பிப் படுக்க வைத்தவள் அவள்.

மாடி முழுவதும், கிழக்குப் பக்கத்து வெளிப்படி, மொட்டை மாடி சகிதம், மனையில் பிரிபடாத 4 சென்ட் பாகத்தோடு மூத்த மகள் தமிழ்ச்செல்விக்கு. மாடி இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறது. வாடகைக்காரரிடம் வாங்கிய முன்பணம் ரூ.50,000-ஐத் திருப்பித் தரும் பொறுப்பும் அவளுடையது.

ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் இருவருக்கும் பொது. மோட்டார் கீழ்த்தளத்து மீட்டரில் ஓடுகிறது. அந்த மின்கட்டணத்திலும் மோட்டார் பழுது செலவிலும் ஆளுக்குப் பாதி. மொட்டை மாடி தமிழ்ச்செல்விக்கு என்றாலும், தொட்டியைக் கழுவ ஏறுவதை அவள் தடுக்கக் கூடாது. மாடிக் கூரை ஒழுகினால் செலவு இருவருடையது, ஏனெனில் கீழே இருப்பவளுக்கும் அதுதான் கூரை. காலப்போக்கில் வீட்டை இடித்துக் கட்ட நேர்ந்தால் 5-க்கு 4 என்ற கணக்கில் மனை நிற்கும். இருவரில் யார் தன் பாகத்தை விற்க நினைத்தாலும், முதலில் உடன்பிறந்த மற்ற இருவருக்கும் எழுத்தில் தெரிவித்து மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதற்குப் பின் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

சேமிப்பு இன்றைய தேதியில்: அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ரூ.18 லட்சம், தேசிய வங்கியில் வைப்புத்தொகை ரூ.14 லட்சம். ஆக ரூ.32 லட்சம். இதில் கார்த்திகேயனுக்கு 18, தமிழ்ச்செல்விக்கு 10, பூங்கொடிக்கு 4. என் வைத்தியத்துக்காக இது குறையலாம், வட்டி சேர்ந்து கூடவும் செய்யலாம். ஆகவே எந்தக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும், என் கடைசிச் செலவும் கடனும் போக மீதியை 16 பங்காக்கி, மகனுக்கு 9, மூத்தவளுக்கு 5, இளையவளுக்கு 2 என்று பிரித்துக்கொள்ள வேண்டியது. கணக்குகளில் நாமினியாகப் போட்டிருக்கும் பெயர் பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதற்கு மட்டுமே. நாமினியாக இருப்பதால் யாருக்கும் அதிகப் பாத்தியம் வராது.

என் கணிப்பில் கீழ்த்தளம் ரூ.36 லட்சம், மாடி ரூ.24 லட்சம் பெறும். கார்த்திகேயன் பெங்களூரில் வீடு வாங்க 2014இல் என் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து ரூ.12 லட்சம் கொடுத்தேன். அதைச் சேர்த்தால் அவனுக்கு 30, மூத்தவளுக்கு 34, இளையவளுக்கு 40 ஆகிறது. இது சமமில்லை என்பது கணக்கு வாத்தியாராக இருந்த எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். கார்த்தி, உன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது சாமி. உன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நின்றவள் உன் அக்கா, நீ வெளியூரில் இருக்க என் பக்கத்தில் நின்றவள் உன் தங்கை. பாரியூர் குண்டத்துக்கு நீ குடும்பத்தோடு வரும்போதெல்லாம் ஆசாரத்தை ஒட்டிய வடக்கு அறை உனக்கு. உன் ஆயுள் உள்ளவரை அந்த உரிமையைப் பூங்கொடி தர வேண்டியது. அவள் வீட்டை விற்றால் அதோடு அந்த உரிமை முடியும்.

நகையில் வளையல் நான்கும் பெண்கள் இருவருக்கும் சரிபாதி. மூன்று பவுன் சங்கிலி மருமகளுக்கு. புத்தகங்களைப் பேரன் எடுத்துக்கொண்டது போக, மீதியை நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்குக் கொடுத்துவிடவும்.

மூவரில் யாரேனும் எனக்கு முன் காலமானால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளைச் சேரும். இந்த உயிலை நிறைவேற்ற என் கொழுந்தனார் மகன் செந்தில்குமாரை நியமிக்கிறேன். அவருக்கு இதில் பங்கு ஏதும் இல்லை. என் ஆயுட்காலத்தில் இதை மாற்றவோ ரத்து செய்யவோ எனக்கு முழு உரிமை உண்டு.

சொத்து விவரம்: கோபிசெட்டிபாளையம் சார்பதிவகம், 1986ஆம் ஆண்டு 1147 எண் கிரையப் பத்திரப்படி (அன்று பெரியார் மாவட்டம்), கிழமேல் 20 அடி வீதிக்கு வடக்கு, பழனியப்பன் வகையறா மனைக்குத் தெற்கு, ராமசாமி வகையறா வீட்டுக்கு மேற்கு, வாய்க்கால் தடத்துக்குக் கிழக்கு. இதன் மத்தியில் கிழமேல் 40 அடி, தென்வடல் 98 அடி, ஆக 3,920 சதுர அடி மனையும் அதிலுள்ள மாடி வீடும், மின் இணைப்புகள், குடிநீர்க் குழாய் சகிதம்.

மேற்கண்டதை நானே வாசித்துப் பார்த்து, சரியென அறிந்து, கீழ்க்கண்ட இரு சாட்சிகள் முன்னிலையில் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) க. சரஸ்வதி

உயில் எழுதியவர் எங்கள் முன் கையொப்பமிட்டதை நாங்கள் நேரில் பார்த்து, அவர் முன்னிலையில் நாங்களும் கையொப்பமிட்டோம். எங்களுக்கோ எங்கள் வாழ்க்கைத் துணைக்கோ இந்த உயிலில் எந்தப் பலனும் இல்லை.

1. (ஒப்பம்) மு. சுப்பிரமணியம், வயது 70, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம்
2. (ஒப்பம்) ந. வளர்மதி, வயது 52, மருத்துவர், கோபிசெட்டிபாளையம்