தன்விவரக் குறிப்பு: த. ந. ஹேமலதா, சுற்றுலா வழிகாட்டி மற்றும் பயண ஆலோசகர்

விண்ணப்பிக்கும் பணி: முதுநிலைப் பயண ஆலோசகர் (தென்னிந்தியா, வெளிநாட்டுக் குழுக்கள்)
இருப்பிடம்: மதுரை. தொலைபேசி எண்ணும் முகவரியும் இணைப்புக் கடிதத்தில் உள்ளன.

பணிச் சுருக்கம்

மதுரை, தஞ்சாவூர், செட்டிநாடு, ராமேஸ்வரம் வட்டத்தில் 2014 முதல் வழிகாட்டியாகவும், 2017 முதல் பயணத் திட்டம், முன்பதிவு இரண்டையும் கவனிக்கும் ஆலோசகராகவும் பணி. பிரெஞ்சு பேசும் பயணிகளும், ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வரும் யாத்திரைக் குழுக்களும் முதன்மை வாடிக்கையாளர்கள். என் திட்டங்கள் கோயில் நடை சாத்தும் நேரத்தை வைத்தே தொடங்கும். ஹோட்டலும் வண்டியும் அதன் பிறகுதான். பகல் 12:30-லிருந்து 4 மணி வரை பெரும்பாலான கோயில்கள் பூட்டியிருக்கும். அந்த இடைவெளியில் நீண்ட தூரப் பயணமோ சாப்பாடோ ஓய்வோ வராத திட்டத்தில் குழு ஒரு நாளையே இழக்கும்.

மொழிகள்

சௌராஷ்டிரம்: வீட்டு மொழி.
தமிழ்: பள்ளிக்கல்வி முழுவதும், கல்வெட்டு விளக்கம் சொல்லும் அளவுக்கு.
ஆங்கிலம்: வழிகாட்டல், மின்னஞ்சல், ஒப்பந்தம்.
பிரெஞ்சு: டெல்ஃப் பி2 சான்றிதழ். கட்டடக் கலை, சைவ வைணவ வழிபாடு, சமையல் ஆகியவற்றை முழுமையாக விளக்க முடியும். மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் மொழிபெயர்த்து உதவ முடியும்.
தெலுங்கு: பேச, வாசிக்க.
இந்தி: பேச்சளவில், ரயில் நிலையம், விமான நிலைய வேலைகளுக்குப் போதும்.

வகுத்து நடத்திய முக்கியப் பயணத் திட்டங்கள்

*சோழர் முதல் நாயக்கர் வரை (8 இரவு, பிரெஞ்சுக் குழு, 12 முதல் 16 பேர்)*
சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், தஞ்சாவூர், காரைக்குடி, மதுரை. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் ஒரே நுழைவுச் சீட்டில் பார்க்கலாம் என்பதால் இரண்டும் ஒரே காலையில். தாராசுரம் மாலை 4 மணிக்கு மேல், சிற்பங்களில் சாய்வெயில் விழும்போது. 1010-இல் குடமுழுக்கு கண்ட தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இரண்டு முறை: மாலையில் விளக்கம், மறுநாள் காலை 6:30-க்கு அமைதியாகச் சுற்றிவர. பகலில் கல் தரை சுடுவதால் வெறுங்காலில் வயதானவர்கள் நடக்க முடியாது. இந்தத் திட்டத்தில் அதிகமாகத் தவறும் இடமும் இதுதான். தடிமனான காலுறை எடுத்துவரும்படி புறப்படுவதற்கு முன்பே எழுதி அனுப்பிவிடுவேன்.
மதுரையில் பேருந்து எல்லீஸ் நகர் நிறுத்தத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து ஆட்டோ. கோயிலுக்குள் கைப்பேசி கூடாது, கருவறைப் பகுதிக்குள் இந்து அல்லாதோருக்கு அனுமதி இல்லை என்ற இரண்டையும் வரும் நாளுக்கு முன்பே சொல்லிவிட்டால் வாசலில் மனத்தாங்கல் வராது. இரவுப் பள்ளியறை ஊர்வலம் கட்டாயம் சேர்க்கப்படும்.

*நவக்கிரகக் கோயில்கள் (கும்பகோணம் தங்கல், 2 நாள், 30 முதல் 45 பேர்)*
முதல் நாள் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். இரண்டாம் நாள் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. காலை 6 மணிக்குத் திங்களூரில் இருந்தால் முடியும். ஆனால் 45 பேர் வண்டியில் ஏறி இறங்கவே ஒவ்வொரு கோயிலிலும் 20 நிமிடம் போகும். அதனால் 12 பேருக்கு மேல் ஒருநாள் திட்டத்தைப் பரிந்துரைப்பதில்லை. திருநாகேஸ்வரத்தை அன்றைய ராகுகாலப் பாலபிஷேகத்தோடு பொருத்துவேன். திருநள்ளாறு சனிக்கிழமையில் விழாதபடி புறப்படும் நாளையே மாற்றிக் கேட்பேன். அது காரைக்காலில் இருப்பதால், தமிழகத்துக்குள் மட்டும் ஓட அனுமதி பெற்ற வண்டியை எடுப்பதில்லை.

*ராமேஸ்வரம் (மதுரையிலிருந்து 1 இரவு)*
அக்னி தீர்த்தக் கடல் குளியல், 22 தீர்த்தம், உடை மாற்றம், பிறகு தரிசனம் என்பதே வரிசை. ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். ஆளுக்கு ஒரு மாற்றுடைப் பையும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளரும் தேவை. தீர்த்தங்களுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்கப்படும். அதிகாலை ஸ்படிகலிங்க தரிசனம் வேண்டுவோருக்கு அது முதலில், தீர்த்தம் பிறகு. தனுஷ்கோடி முற்பகலில் மட்டும்; மாலையில் சாலையை மூடிவிடுவார்கள்.

*செட்டிநாடு (2 இரவு, 6 முதல் 10 பேர்):* கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடி ஓடு செய்யும் பட்டறை, திருமயம் கோட்டை, சித்தன்னவாசல். மதுரை திரும்பும் வழியில் கீழடி அருங்காட்சியகம்.

முன்பதிவு

ரயில்: முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும் காலையிலேயே எடுக்கப்படும். ஒரு பிஎன்ஆரில் ஆறு பேர்தான் என்பதால், 32 பேர் குழுவைக் குடும்ப வாரியாகப் பிரித்த பட்டியல் முந்தைய நாளே தயாராக இருக்கும். 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு கிடைக்க, ஒரு சீட்டில் இரண்டு பேருக்கு மேல் சேர்க்காமல் தனியாக எடுப்பேன். அறுவரோடு சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அட்டவணை தயாரான பிறகும் முழுக்கக் காத்திருப்பில் உள்ள இ-டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். ஆகவே யாத்திரைக் குழுவுக்கு மாற்று வண்டி எப்போதும் பேசி வைக்கப்படும்.

விமானம்: அமாடியஸில் நேரடி அனுபவம். பத்துப் பேருக்கு மேல் குழுக் கட்டணம் கேட்டு, தனிநபர் கட்டணத்தோடு ஒப்பிட்டபின் முடிவு. பெயர்கள் பாஸ்போர்ட் பிரதியைப் பார்த்தே பதியப்படும், வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து அல்ல.

தங்குமிடம்: ரூமிங் லிஸ்ட் 15 நாளுக்கு முன். ஓட்டுநர் அறையும் சாப்பாடும் வவுச்சரிலேயே எழுதப்படும். இரவு முழுக்க வண்டியில் தூங்கிய ஓட்டுநரிடம் மறுநாள் 40 உயிர்களை ஒப்படைக்க முடியாது. வெளிநாட்டினருக்கு ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் சி-படிவம் பதிந்ததா என்று சரிபார்ப்பேன். சித்திரைத் திருவிழாவிலும் டிசம்பர் கடைசியிலும் மதுரை அறைகளை ஆறு மாதம் முன்பே பிடித்து வைப்பது வழக்கம்.

மலை: ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்தில் வந்த இ-பாஸ் முறை, நீலகிரி மலை ரயில் இருக்கைகள்.

குழு அளவும் வண்டியும்

10 பேர் வரை 12 இருக்கை டெம்போ டிராவலர். பெட்டிகளுக்கு இரண்டு இருக்கை விடவேண்டும். 16 பேர் வரை ஒரு வழிகாட்டி, 21 இருக்கை மினி பஸ். அதற்கு மேல் ஓர் உதவியாளர். 45 பேருக்கு இரண்டு வழிகாட்டிகள், கோயிலுக்குள் இரண்டு பிரிவு. தனியாகக் கையாண்ட மிகப் பெரிய குழு 92 பேர், இரண்டு பேருந்து, மூன்று உதவியாளர்கள்.

பணி அனுபவம்

2017 முதல் இன்றுவரை: பயண ஆலோசகர், மதுரையில் உள்ள வெளிநாட்டுப் பயணிகளுக்கான நிறுவனம். விசாரணைக்கு ஒரு நாளுக்குள் விலையோடு திட்டம். வண்டி, ஹோட்டல் ஒப்பந்தங்கள். 2020-21 பெருந்தொற்றுக் காலத்தில் ரத்தான குழுக்களின் பணத்தை விமான நிறுவனங்களிடமும் ஹோட்டல்களிடமும் திரும்பப் பெறும் பணி.
2014 – 2017: பகுதிநேர வழிகாட்டி, மதுரை, மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால்.

கல்வி

இளங்கலை வரலாறு, மதுரை. சுற்றுலாக் கல்விப் பட்டயம், இக்னோ. முதலுதவிப் பயிற்சி.

பிற விவரம்

இரவுப் பயணத்துக்கும், தொடர்ந்து 12 நாள் வெளியூர்ப் பணிக்கும் தயார். பாஸ்போர்ட் நடப்பில் உள்ளது. தற்போதைய பணியிலிருந்து 30 நாள் அறிவிப்பில் விலகிச் சேர முடியும். மேலே சொன்ன பயணங்களின் நாள்வாரித் திட்டமும் செலவுத் தாளும், பயணிகளின் பெயர் நீக்கி, நேர்காணலுக்குக் கொண்டுவரப்படும்.