உங்கள் வீட்டுக்கு எந்தக் கிரைண்டர்?

எங்கள் மூன்று டேபிள் டாப் கிரைண்டர்களையும் ஒப்பிடும் அட்டவணை இது. முன்பு இங்கே வேறொரு அட்டவணை இருந்தது. வாட், வோல்ட், சுற்று வேகம், எஃகின் தரம் என்று ஒன்பது வரிகள். அதில் ஏழு வரிகளில் மூன்று மாடலுக்கும் ஒரே பதில்தான்! அதைப் பார்த்து யாராலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. வாங்கும் முன் கோவை கணபதியில் உள்ள எங்கள் பட்டறைக்குப் போன் செய்கிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ, அதையே இப்போது வரிகளாக வைத்திருக்கிறோம்.

| நீங்கள் கேட்பது | 1.25 லிட்டர் | 2 லிட்டர் | 2 லிட்டர் டில்டிங் |
|---|---|---|---|
| எத்தனை பேருக்கு? | 2 பேர் | 4 முதல் 5 பேர் | 4 முதல் 5 பேர் |
| ஒரு தடவையில் எவ்வளவு அரிசி? (ஊறப்போடும் முன் அளவு) | 400 கிராம் | 750 கிராம் | 750 கிராம் |
| உளுந்தும் சேர்த்து எத்தனை இட்லி? | சுமார் 25 | சுமார் 45 | சுமார் 45 |
| உளுந்து, அரிசி இரண்டும் அரைய | 40 நிமிடம் | 55 நிமிடம் | 55 நிமிடம் |
| மாவு எடுக்க எவ்வளவு எடை தூக்க வேண்டும்? | மாவோடு டிரம் 4 கிலோ | மாவோடு டிரம் 6 கிலோவுக்கு மேல் | தூக்க வேண்டாம், கைப்பிடியைச் சாய்த்தால் போதும் |
| கழுவுவது | டிரம்மைக் கழற்றி சிங்க்கில் | டிரம்மைக் கழற்றி சிங்க்கில் | டிரம் கழறாது, தண்ணீர் ஊற்றிச் சாய்க்க வேண்டும் |
| மூடி திறக்க மேலே வேண்டிய இடம் (மேடையிலிருந்து) | 42 செ.மீ. | 50 செ.மீ. | 58 செ.மீ. |
| மேடையில் அடைக்கும் அகலம் | 26 செ.மீ. | 30 செ.மீ. | 44 செ.மீ. |
| சப்பாத்தி மாவு பிசைய, தேங்காய் துருவ | இல்லை | இரண்டும் உண்டு | இரண்டும் உண்டு |
| பெல்ட் அறுந்தால் | ரூ. 160, வீட்டிலேயே மாற்றலாம் | ரூ. 180, வீட்டிலேயே மாற்றலாம் | ரூ. 240, மெக்கானிக் வேண்டும் |
| வாரண்டி | மோட்டாருக்கு 2 வருடம் | மோட்டாருக்கு 2 வருடம் | மோட்டாருக்கு 2 வருடம் |
| விலை | ரூ. 4,200 | ரூ. 5,400 | ரூ. 7,900 |
| யாருக்குச் சரிப்படாது? | வாரம் ஒரு தடவை மட்டும் அரைக்கும் பெரிய குடும்பம் | மணிக்கட்டு, தோள்பட்டை வலி உள்ளவர்கள் | சின்ன சமையலறை |

எடை வரியைப் பற்றி. பழைய அட்டவணையில் 'மொத்த எடை 11 கிலோ' என்று மட்டும் போட்டிருந்தோம். மெஷினை ஒரு தடவை மேடையில் வைத்துவிட்டால் அந்த எடையால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் டிரம்மை அரைக்கும் ஒவ்வொரு தடவையும் தூக்கியாக வேண்டும். திருப்பூரிலிருந்து ஓர் அம்மா பேசினார்: "கல்லை எடுத்துடுவேன் தம்பி, அந்த டிரம்மைச் சாய்ச்சுப் பிடிச்சுகிட்டு மாவை வழிக்கிறப்பதான் கை நடுங்குது." உருளைக் கல்லை எடுத்துவிட்டாலும் அடிக்கல் டிரம்மோடுதான் இருக்கும். மாவின் எடையும் அதோடு சேரும். அதனால்தான் மாவோடு நிறுத்துப் பார்த்து எழுதியிருக்கிறோம். 6 கிலோவை ஒரு கையால் சாய்க்க முடியுமா என்று தெரிந்துகொள்ள, வீட்டில் 5 கிலோ அரிசிப் பையைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சிரமமாக இருந்தால் கூடுதலாக 2,500 ரூபாய் கொடுத்து டில்டிங் வாங்குவதே நல்லது.

'எத்தனை லிட்டர்' என்பது குழப்பும். 2 லிட்டர் என்பது டிரம்மின் கொள்ளளவு. விளிம்பு வரை போட்டால் மாவு வெளியே தெறிக்கும், உளுந்தும் பொங்காது. எங்கள் பட்டறையில் இட்லி அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு வைத்து, உளுந்தை முதலில் தனியாக அரைத்து எடுத்துவிட்டு அரிசியைப் போட்டு அரைத்துப் பார்த்த கணக்குதான் அட்டவணையில் உள்ள அரிசி, இட்லி, நேர அளவுகள். தோசைக்கு என்றால் நேரம் கொஞ்சம் குறையும், அரிசி நறநறவென்று இருக்கும்போதே எடுத்துவிடலாம்.

கரண்ட் செலவுக்கு வரி இல்லை. நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறோம். மூன்றிலும் 150 வாட் மோட்டார்தான். 2 லிட்டரில் வாரம் இரண்டு தடவை, தடவைக்கு 55 நிமிடம் ஓட்டினால் மாதத்துக்கு ஒன்றேகால் யூனிட்டைத் தாண்டாது. இதை வைத்து மாடல் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

சத்தத்துக்கும் வரி வைக்கவில்லை. மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எந்த மாடலும் பக்கத்து அறைக்குக் கேட்கும். கைக்குழந்தை உள்ள வீடானால் அது தூங்காத நேரமாகப் பார்த்து அரையுங்கள்.

எஃகு, மின்சாரம், கல் விவரங்களை எடுத்துவிடவில்லை, ஒரே வரியாகச் சுருக்கியிருக்கிறோம். மூன்று மாடலுக்கும் பொது: 150 வாட், 230 வோல்ட், 304 தர எஃகு டிரம், கருங்கல் அடி, இரண்டு உருளைக் கல்.

ஆர்டர் போடும் முன் ஒரே ஒரு வேலை. கிரைண்டர் வைக்கப்போகும் இடத்தில், மேடையிலிருந்து மேல் அலமாரியின் அடிப்பக்கம் வரை டேப் வைத்து அளந்துவிடுங்கள். எங்களிடம் திரும்பி வந்த மெஷின்களில் பல, மூடி அலமாரியில் இடித்ததால் வந்தவைதான். 50 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் 2 லிட்டரை மேடை ஓரத்துக்கு இழுத்து வைத்துத்தான் திறக்க முடியும். அந்த அளவோடு போன் செய்யுங்கள், காலை 10 முதல் மாலை 6 வரை எடுப்போம், ஞாயிறு விடுமுறை.