சதுர அடிக்கு இரண்டரை ரூபா: பராமரிப்பு நிதி பற்றிப் பொருளாளரின் உரை

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, வீட்டு உரிமையாளர்களே, உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதால் அவர்களுக்காக வந்திருக்கும் அம்மா, ஐயா, தம்பி, தங்கைமாரே, அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டுக் கணக்கறிக்கை கடந்த வாரமே உங்கள் கதவுகளுக்கு வந்திருக்கும். கணக்காய்வாளர் ஒப்பமிட்ட பிரதி இந்த மேசையில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வரியையும் வாசித்து உங்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தின்ன மாட்டேன். காசு எங்கே போனது, ஏன் போதவில்லை, ஏப்ரல் முதல் ஏன் கூடக் கேட்கிறோம் என்ற மூன்றையும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

இப்போது நாம் சதுர அடிக்கு 7 ரூபா 50 சதம் கட்டுகிறோம். 800 சதுர அடி கொண்ட இரண்டு அறை வீட்டுக்கு மாதம் 6,000 ரூபா, 1,100 சதுர அடி கொண்ட மூன்று அறை வீட்டுக்கு 8,250 ரூபா. 24 வீடும் ஒழுங்காகக் கட்டினால் ஆண்டுக்கு 1,944,000 ரூபா சேர வேண்டும். சென்ற ஆண்டு சேர்ந்தது 1,806,000. மிச்சம் 138,000 ரூபாவும் மூன்று வீடுகளின் நிலுவை. வீட்டு இலக்கங்களை இங்கே சொல்லப்போவதில்லை. அவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் போயிருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் ‘உரிமையாளர் கட்டுவார்’ என்கிறார், கனடாவில் இருக்கும் உரிமையாளர் ‘வாடகைக்கு இருப்பவர் கட்டவில்லையா?’ என்று கேட்கிறார். இந்த விளையாட்டில் பந்து நம் பக்கமே வந்து விழுகிறது. சட்டப்படி பொறுப்பு உரிமையாளருடையது. அவருக்கும் வாடகைக்காரருக்கும் இடையில் என்ன பேச்சு என்பது அவர்கள் இருவரின் விடயம்.

மாடி மண்டபத்தை வாடகைக்கு விட்டதில் 36,000 ரூபா கிடைத்தது. செலவு 2,054,000. ஆகவே துண்டு விழுந்தது 212,000 ரூபா. ஆண்டுத் தொடக்கத்தில் நடைமுறைக் கணக்கில் இருந்த 391,000 ரூபாவில் இருந்து அதை அடைத்தோம். இன்று அங்கே இருப்பது 179,000. நமது ஒரு மாதச் செலவு ஏறத்தாழ 171,000 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நிலுவையை அறவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்று சிலர் நினைக்கலாம். ஆகாது. மூன்று வீடும் கடைசிச் சதம் வரை கட்டியிருந்தாலும் 74,000 ரூபா பற்றாக்குறை இருந்திருக்கும். நிலுவை ஒரு நோய், கட்டணம் போதாமை வேறொரு நோய். ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தீர்க்காது.

செலவின் பெரும்பகுதி சம்பளம். இரண்டு காவலாளிகள், ஒரு துப்புரவுப் பணியாளர், அவர்களுக்கான ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். எல்லாமாக 1,214,400 ரூபா. பொது மின்கட்டணம் 318,000. லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் 180,000. ஜெனரேற்றர் டீசலும் சேவையும் 96,000. கட்டடக் காப்புறுதி 85,000. நீர்ப்பம்பித் திருத்தமும் தாங்கி கழுவியதும் 74,000. கழிவுக் குழிக்கு பவுசர் நான்கு தடவை வந்தது, 48,000. கணக்காய்வு, தபால், பல்ப் போன்ற சில்லறை 38,600.

பம்பிச் செலவைப் பற்றிப் போன தடவை கேட்டார்கள். கழற்றி எடுத்த பழைய சில்லை இன்று கொண்டுவந்திருக்கிறேன், கையில் எடுத்துப் பாருங்கள். இந்த வெள்ளைப் பொருக்கு முழுவதும் நமது குழாய்க் கிணற்றுச் சுண்ணாம்பு. உங்கள் கேத்தலின் அடியில் படிவதும் இதுதான். வன்னியில் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் எந்தக் கட்டடத்திலும் பம்பிக்கு ஆயுள் குறைவு. அதை மாற்றும் செலவைக் குறைக்க வழி இல்லை, தள்ளிப்போட மட்டுமே முடியும். தள்ளிப்போட்டால் ஆடி மாதத்து வெயிலில் நான்காம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது.

அடுத்து உயர்வு. இன்றைய கட்டணம் 2021இல் தீர்மானித்தது. அதன் பிறகு நாட்டில் நடந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது. இந்தக் காலம் முழுவதும் மூன்று பொதுக்கூட்டங்களில் உயர்வு ஒத்திவைக்கப்பட்டது. மக்கள் டீசலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் அதைத் தவிர வேறு முடிவு எடுத்திருக்கவும் முடியாது. ஆனால் அதே வேளையில் ஒதுக்கு நிதிக்கு மாதந்தோறும் போட்டுவந்த பணமும் நின்றுபோனது. அது இன்றுவரை மீண்டும் தொடங்கவில்லை.

இந்த 2025 ஜனவரியில் மின்கட்டணம் 20 வீதம் குறைந்ததே என்று இரண்டாம் மாடி அண்ணர் படிக்கட்டில் மறித்துக் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் குறைவை மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறோம்: 318,000 இருந்த இடத்தில் 265,000 மட்டுமே போட்டிருக்கிறோம். ஆனால் மின்சாரத்தில் மிஞ்சும் 53,000ஐ சம்பளம் விழுங்கிவிடுகிறது. வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபடி தனியார் துறைக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்கிறது. நமது துப்புரவுப் பணியாளருக்கு இப்போது 24,000 கொடுக்கிறோம். ஜனவரி வரை காத்திராமல் ஏப்ரலிலேயே 30,000 கொடுப்பது என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. நான்கு மாடிப் படிகளையும் நாளுக்கு இரண்டு தடவை கூட்டும் ஒருவருக்கு ஒன்பது மாதம் முன்னதாகக் கொடுப்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. காவலாளிகளுக்கு 32,000இல் இருந்து 36,000. லிப்ட் ஒப்பந்தம் மாதம் 15,000இல் இருந்து 18,000 ஆகிறது. மற்றவை பழையபடி. ஏப்ரல் முதல் அடுத்த மார்ச் வரையான 12 மாதச் செலவு 2,230,200 ரூபா வருகிறது.

இரவுக் காவலாளியை நிறுத்திவிட்டுக் கமரா பூட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. கமரா கள்ளனைப் படம் பிடிக்கும். ஆனால் விடிய நான்கு மணிக்கு எழுந்து பம்பியைப் போடாது, லிப்டில் அகப்பட்டவரை இறக்காது. செயற்குழு அதை ஏற்கவில்லை. சபை வேறுவிதமாக நினைத்தால் சொல்லுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது கூரையைப் பற்றி. நான்காம் மாடியில் இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் ஒரு தடவை மேலே போய்ப் பாருங்கள். லிப்டுக்கு வெளியே வந்து அண்ணாந்தால் தெரியும். சுவரும் கூரையும் சேரும் மூலையில் பூச்சு ஒரு பாய் அகலத்துக்கு உதிர்ந்திருக்கிறது. உள்ளே இரும்புக் கம்பி வெளியே தெரிகிறது, விரலால் தொட்டால் செந்துரு தூளாக ஒட்டுகிறது. கார்த்திகை மாரியில் அதன் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். கம்பியில் துரு ஏறினால் அது பருத்துக் கொங்கிறீட்டைப் பிளக்கும். பிளந்த வழியால் இன்னும் தண்ணீர் இறங்கும். பூச்சைத் திரும்பப் பூசி வர்ணம் அடித்தால் அடுத்த மாரியில் அதே இடத்தில் மறுபடி உதிரும். மேலே நீர்க்கசிவுத் தடுப்பு முழுதாகச் செய்ய வேண்டும். மூன்று ஒப்பந்தகாரரிடம் விலை கேட்டோம். வேலையின் தரத்துக்குப் பொருத்தமானது என்று செயற்குழு கருதுவது 1,150,000 ரூபா விலைக்கூறல்.

ஒதுக்கு நிதியில் நிலையான வைப்பாக இருப்பது 640,000. குறைவது 510,000. அதை ஒரே தடவையில் வீட்டு வீட்டுக்குப் பிரித்தால் சிறிய வீட்டுக்கு ஏறத்தாழ 18,900, பெரிய வீட்டுக்கு 26,000 ரூபா. அப்படி ஒரு கடிதத்தை உங்களுக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

ஆகவே நாம் முன்வைப்பது சதுர அடிக்கு 10 ரூபா. சிறிய வீட்டுக்கு மாதம் 8,000, பெரிய வீட்டுக்கு 11,000. அதாவது முறையே 2,000மும் 2,750மும் கூடுகிறது. இந்தப் பத்து ரூபாவில் 8 ரூபா 50 சதம் அன்றாடச் செலவுக்கு. அதனால் ஆண்டுக்கு வருவது 2,203,200. மண்டப வாடகையையும் சேர்த்தால் செலவு போக மிஞ்சுவது வெறும் 9,000 ரூபா. கொழுப்பு எங்கேயும் இல்லை. மிச்சம் 1 ரூபா 50 சதம் நேராக ஒதுக்கு நிதிக்குப் போகும், மாதம் 32,400. ஏப்ரலில் தொடங்கினால் 2026 ஜூலை முடிய 16 மாதத்தில் 518,400 சேரும். கையில் உள்ளதுடன் 1,158,400. ஓகஸ்டில் வேலையைத் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் கூரையை முடித்துவிடலாம். வைப்பு வட்டியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒப்பந்தகாரர் விலையைக் கூட்டினால் ஈடுகட்ட அது இருக்கட்டும்.

கீழ்மாடிக்காரர்கள் லிப்டில் ஏறுவதில்லை, கூரையும் ஒழுகவில்லை, நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்ற பேச்சு இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பொது இடங்களின் செலவைப் பங்கு அளவின்படியே பிரிக்கச் சொல்கின்றன. மாடி பார்த்துப் பிரிக்க எனக்கு அதிகாரமில்லை. அத்துடன் கழிவுக் குழி நிரம்பினால் நாற்றம் முதலில் வருவது கீழ்மாடிக்குத்தான். அந்த பவுசர் காசை நான்காம் மாடிக்காரரும் முணுமுணுக்காமல் கட்டுகிறார்கள்.

ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு 2,000 ரூபா சின்னத் தொகை இல்லை. ஒரு மாத மருந்துக் காசு. கட்டணத்தைக் குறைக்க வழியில்லை என்றாலும் கட்டும் தேதியை மாற்றலாம். இதுவரை 5ஆம் தேதியாக இருந்ததை எல்லோருக்கும் 15 ஆக்குகிறோம். ஓய்வூதியம் கைக்கு வந்த பிறகு கட்டலாம், தாமதக் கட்டணம் இருக்காது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ முன்கூட்டியே அனுப்பலாம்; வங்கிக் கணக்கு இலக்கம் அறிவித்தல் பலகையில் இருக்கிறது.

இன்னொன்று. ஒதுக்கு நிதி இனித் தனி வங்கிக் கணக்கில் இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் ஒப்பமிட்டாலும் போதாது, இந்தச் சபையின் தீர்மானமும் இருந்தால்தான் பணம் வெளியே போகும். சம்பளத்துக்குக் காசு குறைந்தாலும் டீசல் முடிந்தாலும் அதில் கைவைக்கக் கூடாது. நாளைக்கு வேறொருவர் பொருளாளராக வந்தாலும் இந்தக் கட்டு அவரையும் கட்ட வேண்டும் என்பதற்காகவே இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன்.

தீர்மானங்கள் இரண்டு. ஒன்று, 2025 ஏப்ரல் 1 முதல் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 10 ரூபா. இரண்டு, அதில் 1 ரூபா 50 சதம் தனிக் கணக்கில், நான் சொன்ன நிபந்தனையுடன். இரண்டையும் தனித்தனியாக வாக்குக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். பற்றுச்சீட்டுக் கோவைகள் மாத வாரியாக இங்கே இருக்கின்றன, யாரும் எடுத்துப் பார்க்கலாம். முதலாவது தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிபவர் இருந்தால் கை உயர்த்துங்கள். கேள்விகளை அதன் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.