கிரகப்பிரவேசம்: முதல் நாள் மாலையிலிருந்து பால் பொங்கும் வரை

(வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம்)

வணக்கம். இது கும்பகோணம் பக்கத்தில் என் தங்கை கட்டியிருக்கும் புது வீடு. நாளை விடிகாலை 4.30 முதல் 6 மணிக்குள் முகூர்த்தம். இப்போது மாலை 5 மணி. புது வீட்டுக்குப் போகும் குடும்பம் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும், எது எதற்குப் பிறகு நடக்கும் என்று கூடவே வந்து பாருங்கள்.

வைகாசியில் நாள் கிடைத்தது எங்களுக்கு நிம்மதி. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் எங்கள் பக்கம் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை.

(தாம்பாளம், நெருக்கத்தில்)

நாளைக்கு வேண்டியதை எல்லாம் இந்த ஒரே தாம்பாளத்தில் இன்றைக்கே அடுக்கிவிடுகிறோம். மஞ்சள், குங்குமம், சந்தனம், வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், பூ, கற்பூரம், ஊதுபத்தி, திரி, நல்லெண்ணெய். ஓரத்தில் தீப்பெட்டி. எங்கள் வீட்டு கிரகப்பிரவேசத்தில் விளக்கு, எண்ணெய், திரி எல்லாம் தயாராக இருந்தது, தீப்பெட்டி மட்டும் இல்லை. விடிகாலையில் எந்தக் கடை திறந்திருக்கும்? பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். அதனால் இன்று முதலில் வாங்கியது இதைத்தான்.

உள்ளே எடுத்துப் போக வேண்டியவை தனி: சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடத் தண்ணீர், ஒரு படி அரிசி, துவரம்பருப்பு, கல் உப்பு, மஞ்சள். யார் கையில் எது என்று இன்றைக்கே சொல்லி வைத்துவிடுங்கள். நாளை அந்த இருட்டில் கூடி நின்று பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

ஹோமப் பொருட்களுக்குப் புரோகிதரே பட்டியல் தருவார். சமித்து, நெய், நவதானியம், கொப்பரை என்று போகும். நாம் கவனிக்க வேண்டியது தரையை. புது டைல்ஸ் மேல் நேரடியாக ஹோமகுண்டம் வைத்தால் சூட்டில் விரிசல் விடும். கீழே செங்கல்லை நெருக்கமாக அடுக்கி, மேலே மணலைக் கனமாகப் பரப்புங்கள். புகை வெளியே போக ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

இன்று இரவு வாஸ்து சாந்தியும் தச்சு கழிப்பதும் நடக்கும். வீடு கட்டிய தச்சரும் கொத்தனாரும் வருவார்கள். அவர்களுக்கு வேட்டி, துண்டு, தாம்பூலத்தோடு பணம் வைத்துக் கொடுக்கிறோம். தயவுசெய்து இதைக் கடைசி நேர வேலையாக விடாதீர்கள். இந்தச் சுவரில் அவர்கள் கைபடாத இடமே கிடையாது. அவர்களை உட்காரவைத்து மரியாதை செய்யுங்கள்.

(மறுநாள், விடிகாலை 4.30)

சரி, பசுவும் கன்றும் வந்தாகிவிட்டது. பசுவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அகத்திக்கீரையும் வாழைப்பழமும் கொடுக்கிறார்கள். வழவழப்பான தரையில் அதன் கால் வழுக்கும், வாசலிலிருந்து சாக்கு விரித்து வையுங்கள். மிரண்டால் இழுக்க வேண்டாம். மாடி வீடாக இருந்தால் கீழேயே கோபூஜை செய்துவிடலாம், படியேற்றி வதைக்க வேண்டாம்.

நிலைவாசலில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டியதும் தங்கையும் மாப்பிள்ளையும் வலது கால் வைத்து உள்ளே போகிறார்கள். சாமி படமும் விளக்கும் முன்னால், நிறைகுடமும் அரிசியும் உப்பும் பின்னால்.

அடுத்து கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம். முடிந்ததும் கலசத் தண்ணீரை எல்லா அறையிலும் தெளிப்பார்கள். சில வீடுகளில் பால் காய்ச்சிவிட்டுத்தான் ஹோமம். உங்கள் குடும்ப வழக்கம் எதுவோ அதையே செய்யுங்கள்.

(அடுப்பு, நெருக்கத்தில்)

இனி பால். பெரிய பாத்திரத்தில் கொஞ்சமாக ஊற்றினால் கொதித்துக்கொண்டே இருக்குமே தவிர பொங்கி வழியாது. அரை லிட்டர் பால் கழுத்துவரை நிற்கும் சின்னப் பாத்திரம் போதும். கேஸ் இணைப்பு இன்னும் வரவில்லையா, பழைய வீட்டு அடுப்பையும் சிலிண்டரையும் முதல் நாளே கொண்டுவந்து ஒருமுறை பற்றவைத்துப் பார்த்துவிடுங்கள். மிதமான தீ. இதோ, ஓரத்தில் நுரை கட்டுகிறது, நடுவில் ஆடை மெல்ல மேலெழும்புகிறது. கிழக்குப் பக்கம் வழிந்தால் விசேஷம் என்பார்கள். வழிந்தாயிற்று! அந்தப் பாலில் சர்க்கரை சேர்த்து முதலில் சாமிக்கு, அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு வாய்.

வாசலில் திருஷ்டிப் பூசணி உடைத்தவுடன் துண்டுகளை ஓரமாகத் தள்ளிவிடுங்கள். இருட்டில் வண்டியில் வருகிறவர்கள் சறுக்கி விழுவார்கள்.

சாப்பாடு, தாம்பூலப் பை எல்லாம் உங்கள் வசதிப்படி. ஆனால் இன்றிரவு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. சாமான் இன்னும் வரவில்லை, பரவாயில்லை. தங்கை கூடத்தில் பாய் விரித்தாயிற்று. குழந்தைகள் ஜன்னலோர இடத்துக்கு இப்போதே சண்டை போடுகிறார்கள்.