அண்ணாவின் பங்கு தொடர்பாக

கந்தப்பளை
12.03.2025

அன்புள்ள தம்பி சிவகுமாருக்கு,

அண்ணா காலமாகிப் பத்து மாதங்கள் ஆகின்றன. கடையைப் பற்றி நான் கேட்கும்போதெல்லாம், "அண்ணி, பிறகு பார்ப்போம்" என்கிறாய். மாதாமாதம் நீ கொடுத்தனுப்பும் இருபதாயிரம் ரூபாயை உதவி என்று ஊரில் சொல்கிறாயாம். அந்தச் சொல் என்னைச் சுடுகிறது. அது உதவியல்ல தம்பி, அவருடைய உழைப்பு.

வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழில் உங்கள் இருவரின் பெயரும் இருக்கின்றன. லீக்ஸ், கரட் மூட்டைகளின் எடையையும் லொறிக் கூலியையும் அவர் எழுதிவைத்த நீலமட்டைக் கொப்பி என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு மாத முடிவிலும் இலாபத்தைச் சரிபாதியாகப் பிரித்து, கீழே நீயே கையொப்பமிட்டிருக்கிறாய்.

அவர் மரணசாதனம் எழுதவில்லை. அப்படியிருக்க, அவருடைய சொத்தில் பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு என்பதே சட்டம் என்று நுவரெலியாவில் சட்டத்தரணி சொன்னார். பிள்ளைகள் சிறியவர்கள் என்பதற்காக அவர்களின் உரிமை குறைந்துவிடாது. லொறி, கடையின் முற்பணம், வங்கி இருப்பு, தோட்டக்காரர்களிடம் வரவேண்டிய கடன் எல்லாவற்றுக்கும் அவர் இறந்த நாள்வரையான கணக்கு எனக்கு வேண்டும். நீங்கள் வாங்கிய கடனையும் கழித்துக்கொள். அதை நான் மறுக்கவில்லை. லொறியை விற்கவோ பெயர் மாற்றவோ வேண்டாம்.

ஏப்ரல் 10ஆம் திகதிக்குள் கணக்கோடு வீட்டுக்கு வா. மாமியின் முன்னால் பேசித் தீர்ப்போம். வராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடுவேன். இக்கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அண்ணி
சரஸ்வதி