கூண்டு ஏறுமுன் கூரை: பாம்பன் கடற்கரைத் தெரு சமுதாயக் கூடத்துக்கு உதவி கேட்கிறோம்

1971-இல் தெருக்காரர்கள் வரி போட்டுக் கட்டிய கூடம். நீளம் 40 அடி, அகலம் 24 அடி. காதுகுத்து, நிச்சயதார்த்தம், மகளிர் குழுக் கூட்டம், மழைநாளில் வலை பொத்துவது எல்லாம் இங்கேதான். 2020 டிசம்பரில் புரெவி புயல் நெருங்கியபோது கரையோரக் குடும்பங்கள் தங்கியதும் இங்கேதான். இன்று பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் உள்ளே ஆளை விடப் பயமாக இருக்கிறது.

கூரையில் 320 சதுர அடிக்குக் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. அந்தக் காலத்தில் கடல் மணலைக் கழுவாமல் கலந்திருக்கிறார்கள். உப்பு கம்பியைத் தின்கிறது. துரு ஊதிக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. மேலே சிமெண்ட் பூசி மறைத்தது இரண்டு முறையும் விழுந்துவிட்டது, உள்ளே துரு அப்படியே இருந்ததால். இந்த முறை முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, இளைத்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, துத்தநாகப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் நிரப்புவோம்.

சுவர் பவளக்கல்லும் சுண்ணாம்பும். அதற்குச் சிமெண்ட் பூச்சு ஆகாது; ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்துப் பொரிந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சுக்குக் கூலி அதிகம்தான், ஆனால் அதுதான் நிற்கும். கலவைக்கும் நனைப்பதற்கும் கிணற்றுநீர் உப்பு. லாரித் தண்ணீர் வேண்டும்.

செலவு (ரூபாயில்):
கூரை பழுது, 320 ச.அடி × 350: 1,12,000
மேல்தளம், நீர்காப்பு, தட்டோடு, 960 × 130: 1,24,800
சுவர்ப் பூச்சு, 1,100 × 90: 99,000
மரக் கதவு 2, ஜன்னல் 6: 72,000
கழிப்பறை 2, தொட்டியுடன்: 85,000
வயரிங், விளக்கு, மின்விசிறி: 58,000
தண்ணீர், 12 லாரி × 1,500: 18,000
எதிர்பாராச் செலவு: 56,200
மொத்தம்: 6,25,000

140 வீடுகள் தலா 1,500 கொடுத்து 2,10,000 கையில் இருக்கிறது. தேவை 4,15,000. கூரை, மேல்தளம், தண்ணீர் மூன்றுக்கும் 2,54,800 போதும்; அதாவது இன்னும் 44,800 வந்தாலே முட்டுக் கொடுத்துவிடலாம். கழிப்பறை கடைசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் சுமைவேலைக்குக் கூலி வாங்காமல் வருகிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் பூச்சு காய்ந்தாக வேண்டும்.

கூடத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. மூவர் கையெழுத்து, அதில் ஒருவர் மகளிர் குழுவிலிருந்து. காண்ட்ராக்டருக்கு முன்பணம் 20 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மீதி, முடிந்த வேலையை அளந்த பிறகே. கொத்திய கம்பியைப் படம் எடுக்காமல் மூட விடமாட்டோம். பில், கணக்குப் புத்தகம் இரண்டும் ஞாயிறுதோறும் கூடத்து வாசலில் இருக்கும். நன்கொடையாளர்களுக்கு மாதம் ஒருமுறை படத்துடன் வரும். பெயர் வேண்டாம் என்றால் தொகை மட்டும் எழுதுவோம். 80ஜி வரிவிலக்கு எங்களிடம் இல்லை, இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பணம் மிஞ்சினால் கூரைப் பராமரிப்புக்கென்று வைப்புநிதியில் போடுவோம்.

தனி ஆளின் கைபேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால் அனுப்பாதீர்கள். பணம் அனுப்பும்போது திரையில் கூடத்தின் பெயர் வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.