சார், கோடு இனிமே நான் போடுறேன்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு விடைபெறுற நம்ம வாலிபால் கோச் சாருக்கு வணக்கம், சாரோட வீட்டம்மா வந்திருக்காங்க, அம்மா உங்களுக்கும் வணக்கம். பழைய பிளேயர்ஸ் அக்காங்க எல்லாம் தாம்பரத்துல இருந்து ஆவடில இருந்துன்னு பிள்ளைங்கள தூக்கிட்டு வந்திருக்கீங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு.

நான் 2014ல எட்டாவது படிக்கும்போது நம்ம வியாசர்பாடி கிரவுண்டுக்கு வந்தேன். வந்த அன்னைக்கே ஸ்மாஷ் அடிக்கணும்னு ஆசை. சார் என்னைய நெட்டு பக்கமே விடல. தண்ணி டேங்க் செவுத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டிருப்பாரு, லேடீஸ் நெட்டோட உயரம், 2.24 மீட்டர், அந்த கோட்டுக்கு மேல பந்த விரல் நுனில தள்ளிக்கிட்டே இரு, 200 தடவ, கீழ விழுந்தா மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுன்னுட்டு போயிட்டாரு. மூணு மாசம் சார்! செவுத்து கூடவே விளையாடினேன். தெனம் அழுகையா வரும். இன்னைக்கு நான் செட்டரா நிக்கிறேன்னா அந்த செவுருதான் காரணம். மழை பெஞ்சு கோடு அழிஞ்சா அடுத்த நாள் விடிகாலைல நாங்க வர்றதுக்கு முன்னாடியே மறுபடி போட்டிருப்பாரு, அளவு குச்சி வச்சு கரெக்டா. ஒரு தடவ கூட குத்துமதிப்பா போட்டு நான் பாத்ததில்ல.

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா, கிரவுண்டு முழுக்க தண்ணி, பாதி பேர் வீட்லயே தண்ணி. சார் மொதல்ல வீடு வீடா வந்து யாருக்கு என்ன வேணும்னு பாத்தாரு, அரிசி பாய் எல்லாம் கொண்டாந்து குடுத்தாரு, அப்புறம் ஒரு வாரம் கழிச்சு பக்கத்துல ஒரு வீட்டு மொட்டமாடிய கேட்டு வாங்கி அங்க எங்கள வரச்சொன்னாரு. பிராக்டிஸ்க்காக மட்டும் இல்ல, நாங்க பயந்து போய் இருந்தோம், அது அவருக்கு தெரியும்.

பத்தாவது முடிச்சதும் எங்க அப்பா போதும்னுட்டாரு. வயசுக்கு வந்த பொண்ணு அரை டிராயர் போட்டு வெளியூர் போறதான்னு. எங்க தெருவுல எத்தன பொண்ணுங்க அப்படித்தான் பாதில நின்னாங்க. சார் வீட்டுக்கு வந்தாரு, அம்மா குடுத்த டீய குடிச்சாரு, வாக்குவாதமே பண்ணல. "ஒரே ஒரு நாள் காலைல வந்து பாருங்கண்ணே, அப்புறம் நீங்க சொல்றதுதான்"ன்னு சொல்லிட்டு கெளம்பிட்டாரு. அப்பா வந்தாரு. ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே பாத்தாரு. எங்க அப்பா இன்னைக்கு மூணாவது வரிசைல உக்காந்திருக்காரு, எங்க மேட்ச் ஒண்ணையும் விடமாட்டாரு இப்போ.

அம்மா, உங்கள பத்தியும் சொல்லணும். பிராக்டிஸ் முடிஞ்சா வாளில கொண்டக்கடல சுண்டல் இருக்கும், வாரத்துல மூணு நாள் முட்டை இருக்கும். அத ராத்திரி ஊறவச்சு நாலு மணிக்கு எந்திரிச்சு வேகவச்சது நீங்கன்னு எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்த பிள்ளைங்க எத்தன பேர்னு சாருக்கு தெரிஞ்சிருந்துச்சு, ஆனா எங்க யாரையும் அவரு கேட்டதே இல்ல, எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுத்தாரு.

இன்னொண்ணு சொல்லிடுறேன். திருச்சில ஒரு ஃபைனல், அஞ்சாவது செட், 13-14, நாங்க ஒரு பாயிண்ட் பின்னாடி. நான் லெஃப்ட்ல இருந்த எங்க பெஸ்ட் ஸ்பைக்கருக்கு தூக்கி குடுத்தேன், அவ அடிச்சது அவுட். முடிஞ்சது. ராத்திரி ட்ரெயின்ல நான் கதவு பக்கம் போய் நின்னு அழுதுட்டு இருந்தேன். சார் வந்தாரு. ஏன் அவளுக்கு குடுத்தன்னு கேட்டாரு. அவதான் சார் நம்ம டீம்ல பெஸ்ட்னேன். மறுபடி அதே பால் வந்தா யாருக்கு குடுப்பன்னாரு. அவளுக்குத்தான்னேன். "அப்போ சரியாத்தான் ஆடியிருக்க, போய் அவகிட்ட உக்காரு, அவ தனியா இருக்கா"ன்னாரு. நான் போய் உக்காந்தேன், ரெண்டு பேரும் செங்கல்பட்டு வர்ற வரைக்கும் பேசல, ஆனா கைய விடல. கேப்டன்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது, பட்டை எனக்கு ஒரு வருஷம் கழிச்சுதான் வந்துச்சு.

அந்த காலத்துல சர்வ் போட்ட டீமுக்கு மட்டும்தான் பாயிண்ட், செட்டுக்கு 15, இழுத்துக்கிட்டே போகும்னு சார் கத கதயா சொல்லுவாரு. ரூல் மாறுச்சு, லிபரோ வந்துச்சு, பந்து மாறுச்சு, சார் ஒவ்வொண்ணையும் உக்காந்து படிச்சு எங்களுக்கு சொல்லிக் குடுத்தாரு. முட்டி வலியோட இந்த வருஷம் வரைக்கும் ஏணி மேல ஏறி நெட்டு கட்டினாரு, நாங்க கட்டுறோம் சார்னா விடமாட்டாரு.

சார், நேத்து ராத்திரி நல்ல மழை. செவுத்துல கோடு அழிஞ்சிருச்சு, வர்ற வழியில பாத்தேன். திங்கக்கெழம புதுசா ஆறு பிள்ளைங்க வருது. அளவு குச்சி உங்க வீட்ல கதவு பின்னாடிதான் இருக்குன்னு அம்மா சொன்னாங்க. நாளைக்கு சாயங்காலம் நான் வந்து வாங்கிக்கிறேன் சார்.